சுருளாத பெல்ட், பூட்டாத பக்கிள்

சாலையில் போகும் கார்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு காரில் கதவுக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புப் பட்டை வெளியே தொங்கிக்கொண்டு போகும். பக்கத்தில் பைக்கில் வருபவர் கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போவார். உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து பட்டையை இழுத்துப் போட்டுக்கொள்வார், வண்டி கிளம்பிவிடும். டிரைவர் பக்கக் கதவில் தொங்கினால், அவர் பெல்ட் போடவில்லை என்பதையும் அந்தப் பட்டையே ஊருக்குச் சொல்லிவிடுகிறது.

பெல்ட் கதவில் மாட்டுவது கவனக்குறைவால் மட்டும் அல்ல. கழற்றிவிட்ட பெல்ட் தானாகச் சரசரவென்று மேலே சுருண்டுகொள்ள வேண்டும். சுருளாமல் தளர்ந்து கிடந்தால் கதவு அதைக் கவ்வத்தான் செய்யும். ஐந்தாறு வருஷம் ஓடிய காரில் இது சாதாரணமாக வருகிற கோளாறு. உடனே பலரும் சொல்வது, "ஸ்பிரிங் போயிடுச்சு." பெரும்பாலும் ஸ்பிரிங் போயிருக்காது. அழுக்குதான் காரணம். அதுவும் யாரும் பார்க்காத ஓர் இடத்தில் படிந்த அழுக்கு.

அந்த இடத்தைச் சொல்வதற்கு முன், பெல்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

தோளின் மேலாக ஒரு பட்டை, இடுப்பின் குறுக்காக ஒரு பட்டை என்று இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின். 1959-ல் அது காரில் வந்தது. காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ அனுமதித்ததால் உலகம் முழுக்கப் பரவியது. தானாகச் சுருளும் வசதி பிற்பாடு சேர்ந்துகொண்டது.

முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே இருக்கும் தூணின் அடிப்பகுதியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஓர் உருளை இருக்கிறது. இதற்கு ரிட்ராக்டர் என்று பெயர். பெல்ட் அதில் சுற்றியிருக்கும். உருளையின் ஒரு பக்கத்தில் சுருள்வில், அதாவது நாம் ஸ்பிரிங் என்கிற பட்டையான எஃகுத் தகடு. தையல்காரரின் டேப் அல்ல, தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப்பை இழுத்துவிட்டால் உள்ளே ஓடுகிறதே, அந்த மாதிரி ஏற்பாடு. உருளையின் மறுபக்கத்தில் பூட்டு. வண்டி திடீரென்று வேகம் குறைந்தால் ஒரு சிறு எஃகுக் குண்டு தன் குழியிலிருந்து நகர்ந்து ஒரு நெம்புகோலைத் தூக்கும். அது பல்சக்கரத்தில் மாட்டி உருளையை நிறுத்திவிடும். வண்டி அசையாவிட்டாலும் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள இன்னொரு ஏற்பாடும் உண்டு.

ஆக, சுருளும் வேலையும் பூட்டும் வேலையும் தனித்தனி. பெல்ட் மெதுவாகச் சுருளும் வண்டியில் பூட்டு நன்றாகவே இருக்கலாம். "பிரேக் அடிச்சா புடிக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்று டிரைவர்கள் கேட்பது இதனால்தான். பிடிக்கும், ஆனால் எங்கே பிடிக்கும் என்பதுதான் கேள்வி. மார்போடு ஒட்டியிருக்க வேண்டிய பட்டை நாலு விரல் தளர்ந்து நின்றால், பூட்டு அந்தத் தளர்ந்த நிலையிலேயே பூட்டும். மோதும்போது உடம்பு அந்த இடைவெளியைக் கடந்து முன்னால் போய், அதன் பிறகுதான் பட்டையில் இடிக்கும். பெல்ட் மார்பை அழுத்துகிறது என்று துணி கிளிப்பை மாட்டித் தளர்த்தி வைத்துக்கொள்கிறவர்கள் இதே தளர்ச்சியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

வளையத்தில் படியும் அழுக்கு

தோளுக்கு மேலே, தூணில் ஒரு வளையம் இருக்கும். கீழேயிருந்து ஏறிவரும் பெல்ட் அதன் வழியாகத் திரும்பி உங்கள் தோளுக்கு வருகிறது. ஏறக்குறைய இரண்டாக மடிந்தபடி அந்த வளையத்தின் மேல் உராய்ந்துகொண்டே போய் வரும். நம் கழுத்து வியர்வை, தலை எண்ணெய், சன்ஸ்கிரீன், ஜன்னல் வழியாக வரும் புழுதி எல்லாம் பெல்ட்டில் ஏறி, அந்த வளையத்தில் வழித்து இறங்குகின்றன. நாளாக ஆகப் பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் உருவாகிறது. அதுதான் நான் சொன்ன இடம்.

ஒரு மெல்லிய படலத்தை வெல்ல முடியாதா ஒரு ஸ்பிரிங்கால் என்று தோன்றும். முடியாது, ஏனென்றால் அந்த ஸ்பிரிங்கை வேண்டுமென்றே பலவீனமாகத்தான் செய்கிறார்கள். பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 16-ஆம் எண் வாகன விதி, பெல்ட்டைச் சுருட்டும் விசை 7 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது. சுமார் 700 கிராம் எடையைத் தூக்கும் அளவு. அதற்கு மேல் போனால் மார்பை ஓயாமல் அழுத்தி, யாரும் பெல்ட் போட மாட்டார்கள். இந்தச் சின்ன விசைதான் வளையத்தின் உராய்வையும் தாண்டிப் பட்டையை இழுக்க வேண்டும். வளையத்தில் பட்டை முழுசாக மடங்கித் திரும்புவதால், பிசுக்கு கொஞ்சம் கூடினாலும் உராய்வு அதைவிட வேகமாகக் கூடிவிடும். ஸ்பிரிங் பழைய பலத்தோடுதான் இருக்கும். ஆனால் அது தோற்றுப்போகும்.

தோற்றது ஸ்பிரிங்கா, வென்றது அழுக்கா என்று கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள். இரண்டு கைகளாலும் பட்டையைப் பிடித்து, வளையத்துக்கு மேலாகத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வளையத்துக்குள் தள்ளிக்கொடுங்கள். தள்ளிக்கொடுக்கும் பட்டையைக் கீழே ரிட்ராக்டர் சுறுசுறுப்பாக வாங்கிக்கொண்டால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது, வளையத்தில்தான் வேலை. தள்ளிக்கொடுத்தும் பட்டை உள்ளே போகாமல் தொளதொளவென்று கிடந்தால் ரிட்ராக்டரில் கோளாறு. இன்னொரு சோதனை: வெள்ளைத் துணியை விரலில் சுற்றி வளையத்தின் உள்விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். துணியில் ஏறும் கறுப்பே பதில் சொல்லிவிடும்.

மதுரைப் பக்கம் ஒரு பட்டறையில் வாடகைக்கு ஓடும் சின்னக் கார் ஒன்றுக்கு இந்த வைத்தியம் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏழு வருஷத்து வண்டி. டிரைவர் பக்க பெல்ட், கழற்றிவிட்டால் பாதியில் நின்றுவிடும்; மீதியைக் கையால் ஊட்ட வேண்டும். டிரைவர் புது பெல்ட் போடும் முடிவோடு வந்திருந்தார்.

"அண்ணே, செட்டு மாத்தணும்னா மாத்திரலாம். அதுக்கு முன்னால ஒரு வாட்டி கழுவிப் பாத்துருவோம்" என்றார் மெக்கானிக்.

"கழுவுனா சரியாயிருமா தம்பி?"

"ஆகலேன்னா காசு வாங்கல."

முதலில் அவர் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். தூணின் அடியில் அது உள்ளே நுழையும் இடத்தில், பேப்பர் கட்டுகளுக்குப் போடும் பெரிய இரும்பு கிளிப்பை மாட்டினார். இனி அது தானாக உள்ளே ஓடாது. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு. மென்மையான பிரஷ்ஷை நனைத்து, உதறிவிட்டு, நெசவு போகும் திசையிலேயே நீளவாக்கில் தேய்த்தார். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு ஓரங்கள். வளையத்தைத் தொட்டுப் போகும் பகுதியும் கழுத்தருகே வரும் பகுதியும்தான் மோசம். நுரை டீத் தண்ணீர் நிறத்தில் வந்தது. தண்ணீர் வழிந்து கீழே ரிட்ராக்டருக்குள் இறங்கிவிடாதபடி ஒரு பழைய துண்டைக் கிளிப்புக்கு மேல் சுற்றியிருந்தார். பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பு போகும் வரை நாலைந்து முறை துடைத்தார்.

வளையத்துக்குத் தனி வைத்தியம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த ஒரு நீளத் துணிப்பட்டையை வளையத்தின் பிளவுக்குள் நுழைத்து, இரண்டு முனைகளையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். துணி கறுத்ததும் வேறு துணி. மூலையில் கெட்டியாக ஒட்டியிருந்ததை மரக்குச்சியால் சுரண்டினார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. வளையத்தில் கீறல் விழுந்தால் அது தினமும் பட்டையை அறுக்கும் அரமாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு செய்ததுதான் பலர் தவறவிடும் வேலை. ஒன்றுமே செய்யாமல் விட்டார். கிளிப்பைக் கழற்றாமல், கதவைத் திறந்துபோட்டு, நிழலில் நிற்கவைத்தார். ஈரத்தோடு சுருளவிட்டால் உருளைக்குள் பூஞ்சணம் பூக்கும், நாற்றம் வரும், உலோகப் பாகங்கள் துருப்பிடிக்கும். டிரைவர் அவசரப்பட்டு, ஹீட்டர் வைத்துக் காயவைக்கலாமா என்று கேட்டதற்கு, "வேணாம்ணே, இது பாலியெஸ்டரு" என்ற பதில்தான் வந்தது. பெல்ட் நூல் பாலியெஸ்டர்தான்; அதிகச் சூடு அதற்கு ஆகாது. சாயங்காலம் கிளிப்பை எடுத்ததும் பட்டை வளையம் வரை ஒரே மூச்சில் ஏறி நின்றது. புது செட்டுக்குச் செலவு இல்லை.

இந்த வேலையில் செய்யக் கூடாதவை சில உண்டு. சலவைத் தூள், பிளீச்சிங், பெட்ரோல், மண்ணெண்ணெய், சாயம் எதுவும் பட்டையில் படக் கூடாது. நூலின் பலத்தை அவை குறைக்கலாம், குறைந்தது வெளியே தெரியவும் தெரியாது. வழுக்கட்டும் என்று வளையத்தில் தேங்காய் எண்ணெயோ, சிலிகான் ஸ்பிரேயோ அடிப்பது அடுத்த மாதத்துக்கான புழுதியை இன்றே அழைத்துவைப்பது போலத்தான். அன்றைக்கு வழுக்கும், பிறகு முன்னைவிட மோசமாக ஒட்டும்.

கழுவும்போதே பட்டையை ஒரு சாண் ஒரு சாணாகப் பார்த்துவிடுங்கள். ஓரத்தில் பிசிர், அறுந்த நூல், சிகரெட் சுட்ட ஓட்டை, கதவு நசுக்கிய தழும்பு, வெயிலில் வெளுத்து விறைத்த பகுதி ஏதாவது இருந்தால் கழுவி என்ன பயன்? அந்த பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். தைத்து ஒட்டுப்போடுகிற சமாசாரம் இல்லை இது.

இழுத்தால் வரவில்லையா?

சுருளாத பெல்ட்டுக்கு நேர்மாறானது, இழுத்தால் வராத பெல்ட். இதில் பாதி கோளாறே இல்லை. அவசரமாக வெடுக்கென்று இழுத்தால் பூட்டத்தான் செய்யும். அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். முழுசாக உள்ளே விட்டு, நிதானமாக இழுங்கள். துளிகூட உள்ளே போக மறுத்துப் பூட்டியே நின்றால், ஒருமுறை வலுவாக இழுத்துச் சட்டென்று விடுங்கள். அந்த அதிர்வில் பட்டை கொஞ்சம் உள்வாங்கினால் பூட்டு விலகிவிடும்.

வண்டி நிற்கும் சாய்வும் ஒரு காரணம். ரிட்ராக்டர் 12 டிகிரிக்குள் சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும் என்கிறது அதே விதி. இடைப்பட்ட சாய்வில் எதுவும் நடக்கலாம். அடித்தள பார்க்கிங்கின் செங்குத்தான சாய்தளத்தில் நிறுத்திவிட்டு பெல்ட் வரவில்லை என்று பதறுகிறவர்கள், சமதளத்துக்கு வந்து இழுத்துப் பார்க்கட்டும்.

ஆனால் சமதளத்திலேயே அடிக்கடி பூட்டுகிறது, அதுவும் டிங்கரிங் வேலை முடிந்து வந்த பிறகுதான் என்றால் விஷயம் வேறு. தூணை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, ரிட்ராக்டரைத் திரும்ப மாட்டும்போது கொஞ்சம் சாய்த்து மாட்டிவிட்டால் அந்த எஃகுக் குண்டு எந்நேரமும் விழப்போகிற நிலையிலேயே இருக்கும். மேல் வளையத்தின் போல்ட்டில் இருக்கும் வாஷரை வரிசை மாற்றிப் போட்டு இறுக்கிவிட்டால், வளையம் சுழல முடியாமல் நிற்கும். பட்டை ஒரு மூலையில் குவிந்து ஓடும். வண்டியை டெலிவரி எடுக்கும்போது பெயின்டைத் தடவிப் பார்க்கிற நேரத்தில் இரண்டு பெல்ட்டையும் இழுத்துவிட்டுப் பாருங்கள்.

சில கார்களில், பட்டையைக் கடைசி வரை இழுத்துவிட்டால் அது வேறு நிலைக்கு மாறிவிடும். உள்ளே போகும், 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், ஆனால் ஒரு அங்குலம்கூட வெளியே வராது. குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்டுவதற்கான வசதி அது. முழுவதும் சுருளவிட்டால் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இனி முறுக்கு. பட்டை வளையத்திலோ நாக்கிலோ திரும்பி முறுக்கிக்கொண்டால் சுருளாது. முறுக்கோடு உருளைக்குள் போய்விட்டால் சிக்கிக்கொள்ளவும் செய்யும். முறுக்கிய பட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டுவது அதைவிடத் தப்பு. ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டை மார்பில் பரவித் தாங்க வேண்டிய அடியை, முறுக்கிய கயிறு ஒரே கோட்டில் இறக்கும்.

நாக்கில் விழுந்த முறுக்கை எடுக்க போல்ட் கழற்ற வேண்டியதில்லை. நாக்கைப் பட்டையோடு கீழே இறக்கி, அது தரையில் பொருத்தப்பட்ட முனைக்கு அருகே கொண்டுவாருங்கள். அந்த முனையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டையைப் பிடித்து அரைச் சுற்றுத் திருப்புங்கள். நாக்குக்கு நேர் மேலே பட்டையில் ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பை நாக்கின் பிளவுக்குள் நுழைத்து, நாக்கை மடிப்பைத் தாண்டி மேலே தள்ளிக்கொண்டே போங்கள். மடிப்பு பிளவைக் கடந்ததும் பட்டை நேராக நிற்கும். முதல் முறை திசை மாறி, ஒரு முறுக்கு இரண்டாகிவிட்டால் எதிர்ப்பக்கம் திருப்பிச் செய்யுங்கள். பிளவு இறுக்கமாக இருப்பதால் மடிப்பை விரல் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டியிருக்கும்; பொறுமைதான் கருவி.

பக்கிளின் பிடிவாதம்

பக்கிளில் நாக்கு நுழைகிறது, 'கிளிக்' சத்தம் இல்லை. அல்லது சத்தம் கேட்டு, கை எடுத்ததும் கழன்று வருகிறது. அல்லது பூட்டிய பின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் விடமாட்டேன் என்கிறது. மூன்றும் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்ளே விழுந்ததைத்தான். கடலைத் தோல், பிஸ்கட் தூள், ஹேர்பின், சில்லறைக் காசு, குழந்தை கவிழ்த்த ஜூஸ். ஜூஸ்தான் இவற்றில் மோசம். காய்ந்த சர்க்கரைப் பாகு உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளைப் பசைபோட்ட மாதிரி பிடித்துவைத்துக்கொள்ளும்.

நல்ல பக்கிளுக்கு ஓர் இலக்கணம் உண்டு: பூட்டினால் முழுசாகப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் நாக்கை வெளியே தள்ளிவிட வேண்டும். பாதிப் பூட்டில் நிற்பது என்பதே கூடாது. அதற்காகவே உள்ளே ஒரு தள்ளு ஸ்பிரிங் இருக்கிறது. அது அழுக்கில் மாட்டிக்கொண்டால் நாக்கு பூட்டாமலே உள்ளே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் பெல்ட் போட்ட மாதிரியே இருக்கும். ஆபத்தானது இதுதான். ஆகவே பக்கிளைச் சோதிப்பதில் இரண்டு பாகம். மாட்டியதும் 'கிளிக்' கேட்டு, பட்டையைப் பிடித்து ஒரு வெடுக்கு இழுங்கள், வரக் கூடாது. பொத்தானை அழுத்துங்கள்; நாக்கு தானாகத் துள்ளி மேலே வர வேண்டும், பொத்தானும் பழைய உயரத்துக்கு எழும்ப வேண்டும். நீங்கள் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தால் தள்ளு ஸ்பிரிங் சரியில்லை.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, பொத்தானை அழுத்திக்கொண்டே தட்டுங்கள். வேக்குவம் கிளீனரின் ஒடுங்கிய முனையை வைத்து உறிஞ்சுங்கள். காற்றழுத்தம் அடிப்பதற்கு முன் உறிஞ்சுவது நல்லது, இல்லாவிட்டால் குப்பை இன்னும் ஆழத்துக்குப் போகும். நாக்கையும் துடையுங்கள்; அதன் விளிம்பில் பிசுக்கோ, வளைவோ இருந்தாலும் பூட்டாது. தண்ணீர் ஊற்றாதீர்கள். பெல்ட் போட்டாயிற்றா என்று டேஷ்போர்டுக்குச் சொல்லும் மின் சுவிட்ச் பல பக்கிள்களுக்குள் இருக்கிறது. எண்ணெயும் வேண்டாம். இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் அந்த பக்கிள் மாற்ற வேண்டிய பக்கிள்.

பூட்டாததற்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு: பக்கிள் மாறிப்போவது. பின்சீட்டில் நடுவில் இருப்பவரின் நாக்கு ஓரத்து பக்கிளில் நுழையாதபடி பல கார்களில் வேறு அளவில் செய்திருப்பார்கள். மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கிளைத் துழாவும்போது ஒருவருக்கு நிச்சயம் தப்பானது கிடைக்கும். பலத்தைக் காட்டித் திணிக்காமல் பக்கத்து பக்கிளை முயன்று பாருங்கள்.

எல்லாப் பழியையும் கார்க்காரர்மேல் போடுவதும் நியாயமில்லை. ஜப்பானின் டகாடா நிறுவனம் செய்த பக்கிள்களில் சிவப்புப் பொத்தானின் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கியது. உடைந்த துணுக்கு பக்கிளுக்குள்ளேயே விழுந்து பூட்டைச் சிக்கவைத்தது. நாக்கு பூட்டாமலும், பூட்டியது விடாமலும் போனது. 1986 முதல் 1991 வரை தயாரான ஜப்பானிய நிறுவனங்களின் கார்கள், 80 லட்சத்துக்கும் மேல், 1995-ல் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. பின்னாளில் ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுக்கப் பெயர் கெட்ட அதே டகாடாதான். 2023-ல் ஹோண்டா வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. பக்கிளின் உள்வழியில் இருந்த பூச்சு தேய்ந்து, குளிரில் பொத்தான் இறுகி, நாக்கு பூட்டாமல் போனதுதான் காரணம். உங்கள் பக்கிள் சுத்தமாக இருந்தும் முரண்டு பிடித்தால், பொத்தானின் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சொல்லி, திரும்ப அழைத்த பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். அதில் இருந்தால் செலவு அவர்களுடையது.

கை வைக்கக் கூடாத எல்லை எது? என் கணக்கில் அது ரிட்ராக்டரின் மூடியும் பக்கிளின் மூடியும்தான். வெளியே இருப்பதை எல்லாம் கழுவுங்கள், துடையுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். ரிட்ராக்டரின் ஸ்பிரிங் முறுக்கேறிய நிலையில் உட்கார்ந்திருக்கிறது; திறந்தால் பாய்ந்து வெளியே வரும், திரும்பச் சரியான அளவில் சுற்ற முடியாது. இப்போதைய கார்களில் மோதும் கணத்தில் பெல்ட்டை இறுக்குவதற்காக ஒரு சிறு வெடிமருந்தும் அதோடு சேர்ந்திருக்கிறது. சில கார்களில் அது பக்கிளின் அடியில் இருக்கும். மஞ்சள் நிறக் கனெக்டரைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். ஒருமுறை வெடித்துவிட்டால் அந்த பெல்ட்டின் வேலை முடிந்தது. ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், பல சமயம் பட்டை அசையாமல் நின்றுவிடும். அதற்குக் கழுவல் வைத்தியம் கிடையாது.

மாற்றுவதென்றால் புதிதாக, அந்தக் காருக்கே உரிய செட்டாக வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிப் பாகம் எதுவும் கிடைக்கும். கதவுக் கைப்பிடியும் கண்ணாடியும் தாராளமாக வாங்கலாம். பெல்ட்டை மட்டும் பழசில் வாங்காதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி எதில் மோதியது என்று பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பலத்த மோதலில் ஒருமுறை இழுபட்ட பட்டை வெளியே பளபளப்பாகவே இருக்கலாம்.

கடைசியாக, நம் ஊர் கார்களுக்கே உரிய ஒரு பக்கிள் கோளாறு. புது வண்டி வாங்கிய வாரமே சீட் கவர் தைத்துப் போடுகிறோம். கடைக்காரர் வேலை சுலபத்துக்காகப் பின்சீட்டு பக்கிள்களை உள்ளே தள்ளி மேலே கவரை இழுத்துவிடுகிறார். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதம். ஆனால் பக்கிள் கவருக்கு அடியில் புதைந்திருந்தால் உட்காருபவர் எதில் பூட்டுவார்? கவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பின்சீட்டில் உட்காருங்கள், எத்தனை பேர் உட்காரும் சீட்டோ அத்தனை பெல்ட்டையும் இழுத்துப் பூட்டிப் பாருங்கள். ஒன்று பூட்டாவிட்டாலும் கவரை வெட்டி பக்கிளை வெளியே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு காசைக் கொடுங்கள்.